நல்லா இருக்கிறவனுக்கு எந்த லீவு?

அந்த ஆளு வாயைத் திறந்து சேர்ந்தாப்புல நாலு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை. அதனாலதான் பம்பு ஸ்டேஷன்ல அவனுக்கு 'வால்வு'ன்னு பேரு வச்சாங்க. இறுக்கி மூடின வால்வு. சர்வீஸ் புத்தகத்துல வேற பேரு இருக்கு, ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

நான் குடிநீர் வாரிய ஆபீஸ்ல லீவு செக்‌ஷன் பார்க்கிறவ. லீவு அக்கான்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். ஊர்ல எத்தனை பேரு எத்தனை விதமா வேலைக்கு மட்டம் போடுறாங்கன்னு என் மேஜைக்கு வந்தாத் தெரியும். செத்துப்போன பாட்டியையே ரெண்டு தடவை சாகடிச்சு லீவு கேட்டவன் இருக்கான். ஜுரம்னு எழுதிக் குடுத்துட்டு சினிமாக் கொட்டகையில என் பக்கத்து சீட்லயே வந்து உட்கார்ந்தவன் இருக்கான். வால்வு மட்டும் அப்படி இல்லை. ஜுரம் அடிச்சாலும் துண்டைத் தலையில கட்டிக்கிட்டு டூட்டிக்கு வருவான். ஸ்க்ரூ டிரைவரோட நுனியை மோட்டார் மேல வச்சு, கைப்பிடியைக் காதுல வச்சுக்கிட்டு பேரிங் சத்தம் கேட்பான். எந்த மோட்டார் எப்ப மக்கர் பண்ணும்னு அவனுக்குத் தெரியும். தன் உடம்பு சத்தத்தை மட்டும் ஒரு நாளும் காது குடுத்துக் கேட்டதில்லை.

அவனுக்குன்னு இருந்தது ஒரு தங்கச்சி. அப்பா அம்மா போனதுக்கப்புறம் இவன்தான் வளர்த்தான். அவ அவனுக்கு நேர் எதிர். வாய் மூடவே மூடாது. வீட்டுல தையல் மிஷின் போட்டு தச்சுக்கிட்டிருந்தா, மிஷின் சத்தத்தையும் தாண்டிப் பேசுவா. அவளுக்கு ரெண்டு சிறுநீரகமும் கெட்டுப்போச்சு. அது தெரிஞ்ச மாசமே கட்டினவன் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். நாசமாப் போறவன். அதுக்கப்புறம் டயாலிசிஸ், ஆஸ்பத்திரி, திரும்ப டயாலிசிஸ்னு வால்வுதான் அவளைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சான்.

அந்த அலைச்சலுக்கெல்லாம் அவன் போட்டது சி.எல். கேஷுவல் லீவு. திடீர்னு வர்ற சொந்த வேலைக்கு ஒரு நாள், அரை நாள்னு எடுக்கிறது. வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குடுப்பாங்க, மிச்சம் வச்சா அடுத்த வருஷத்துக்கு வராது. அரை அரை நாளா அவன் அதைக் கிள்ளிக் கிள்ளியே தீர்த்துட்டான். வருஷம் முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவன் கணக்குல சி.எல். சுத்தமா இல்லை.

அப்பதான் ஒரு நாள் என் மேஜைக்கு முன்னாடி வந்து நின்னான்.

"அக்கா, இ.எல். போடணும்."

இ.எல்.னா உழைச்சுச் சேர்க்கிற லீவு. வேலை பார்க்கப் பார்க்க கணக்குல ஏறும், அடுத்த வருஷத்துக்கும் போகும். எடுக்காத இ.எல். அவன்கிட்ட மலையா குவிஞ்சு கிடந்துச்சு. நான் சந்தோஷமா, "அடேயப்பா, நீயா! ஊருக்குப் போறியா, பொண்ணு பார்க்கப் போறியா?"ன்னு கேட்டேன்.

"தங்கச்சிக்கு ஒரு கிட்னி குடுக்கிறேன். தேதி குறிச்சுட்டாங்க."

பத்து வார்த்தை கூட இல்லை. டீக்குச் சர்க்கரை குடுக்கிற மாதிரி சொல்றான். பொருத்தம் எல்லாம் பார்த்தாச்சாம், உறுப்பு தானத்துக்கான அனுமதிக் குழுவும் சரின்னு சொல்லியாச்சாம். தங்கச்சிக்கு உடம்பு நாளுக்கு நாள் மோசமாகுது, இந்தத் தேதி தவறினா அடுத்த தேதி வரைக்கும் அவ தாங்குவாளான்னு டாக்டருக்கே தெரியலையாம். அவன் விரல் மட்டும் என் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கிட்டே இருந்துச்சு.

"அட பைத்தியமே, அப்ப எதுக்கு இ.எல்.? உனக்கு ஆபரேஷன். நீ போட வேண்டியது சிக் லீவு."

"எனக்கு என்ன நோய்? நான் நல்லாத்தானே இருக்கேன். நோய் இல்லாதவன் நோய்னு எழுதினா அது பொய்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கலை. சிக் லீவுங்கிறது ஏமாத்துறவன் போடுறதுன்னு அவன் மண்டையில ஏறி உட்கார்ந்திருக்கு. எங்க ஆபீஸ்ல அதை அப்படித்தானே ஆக்கி வச்சிருக்கானுங்க. இ.எல்.னா அவனே நியாயமா சம்பாதிச்சது, அதைக் கேட்கிறதுல வெட்கமில்லைன்னு அங்கேயே நின்னு எழுதிட்டான். அதோட ஒரு காரியமும் பண்ணான். கேட்டா நம்பணுமேன்னு ஆஸ்பத்திரியில குடுத்த ஒரு காகிதத்தையும் சேர்த்துப் பின் அடிச்சு நேரா எஞ்சினியர் அறையில வச்சுட்டு வந்துட்டான். என்கிட்ட காட்டியிருந்தா அப்பவே பிடுங்கியிருப்பேன்.

லீவுல கையெழுத்துப் போடுற எஞ்சினியரைப் பத்திச் சொல்லணும். கெட்டவர்னு சொல்ல மாட்டேன், ஆனா கல்லு. போன வருஷம் ஒரு ஆபரேட்டர் இ.எல். கேட்டான், இவர் தரலை. மறுநாளே மஞ்சள் காமாலைன்னு சர்ட்டிபிகேட் அனுப்பிட்டு மச்சான் கல்யாணத்துல ஆடிக்கிட்டிருந்தான். அன்னைக்குப் பம்பு நின்னு, பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிற தெருவுல ராத்திரி வரைக்கும் சொட்டுத் தண்ணி இல்லை. திட்டு வாங்கினது இவர். அதுலேருந்து லீவு மனுன்னாலே பல்லைக் கடிப்பார். இந்தத் தடவை பெரிய நீர்த்தேக்கத் தொட்டி கழுவுற வேலை வேற, இருக்கிற ஆபரேட்டரே பத்தலை.

மனு திரும்பி வந்துச்சு. 'பணி அவசரம் கருதி இ.எல். நிராகரிக்கப்படுகிறது.'

அதுல தப்பு சொல்ல முடியாது. இ.எல். நம்ம கணக்குல இருந்தாலும், எப்ப எடுக்கிறதுங்கிறது மேலதிகாரி கையில. முன்கூட்டியே கேட்கணும், வேலை இருந்தா இப்ப வேண்டாம்பார். லீவு கணக்கை விட்டுப் போகாது, தேதிதான் போகும். இவனுக்கோ தேதிதான் உயிர்.

நான் எஞ்சினியர் அறைக்குப் போனேன். "சார், அது ஆபரேஷன் தேதி சார்."

"அது எனக்கும் புரியுது மேடம். தொட்டி வேலை முடியட்டும், மறுநாளே குடுக்கிறேன். ஊருக்குத் தண்ணி விடாம ஒருத்தன் வீட்டு விஷயத்தைப் பார்க்க முடியாது."

"அந்தப் பொண்ணு அதுவரைக்கும் இருக்கணுமே சார்!"

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டு வெளியே வந்துட்டேன்.

பம்பு ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிச்சு ஓடினேன். வால்வு, மோட்டார் சுவிட்ச் பேனல் பக்கத்துல ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்தே புரிஞ்சுபோச்சு, எதையோ முடிவு பண்ணிட்டான்.

"சொல்லாமப் போயிடப் போறேன் அக்கா. என்ன பண்ணுவாங்களோ பண்ணட்டும்."

"மெமோ குடுப்பாங்க. அனுமதி இல்லாம வராதவன்னு எழுதுவாங்க. வேலை போகும். அதுக்கப்புறம் அவ உடம்பு உன் கிட்னியை ஏத்துக்கணும்னா ஆயுசு பூரா மாத்திரை தின்னணுமே, அதை யார் வாங்குவா? உன் ஊமை வாயா வாங்கும்?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"இங்க பாரு," நான் அவன் ஸ்டூல் பக்கத்துலயே குந்தினேன். "சிக் லீவுன்னா நோய்னு யாருடா சொன்னது? உன் உடம்பால வேலை பார்க்க முடியாதுன்னு டாக்டர் எழுதினா அது சிக் லீவு. நீயா எழுதுறதில்லை, அவர் எழுதுறது. விலாவுக்குக் கீழ கிழிச்சு ஒரு உறுப்பை எடுத்ததுக்கப்புறம் உன்னால இந்த வால்வைத் திருக முடியுமா?"

"முடியாது."

"அப்ப எங்கடா இருக்கு பொய்?"

யோசிச்சான். அவன் யோசிக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறதே ஒரு வேதனை. கடைசியா, "சரி, தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைன்னு காரணம் எழுதிக் குடுக்கிறேன்"னான்.

"கெடுத்தே போ! தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைன்னா அதுக்கு சிக் லீவு கிடையாது. சிக் லீவு உன் உடம்புக்கு மட்டும்தான். அப்படி எழுதினா அந்த ஒரு வரியை வச்சே தூக்கி எறிவாங்க. 'எனக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, டாக்டர் சொன்ன காலம் வரை பணிக்கு வர இயலாது.' இதுதான் உண்மை, இவ்வளவுதான் எழுதணும். அதையும் இப்ப குடுக்காதே. இப்ப நீ குத்துக்கல்லாட்டம் இருக்கே, எந்த டாக்டரும் எழுத மாட்டார். ஆபரேஷன் முடிஞ்சதும், சேர்ந்த நாள்லேருந்து கணக்குப் போட்டு சர்ஜன் எழுதுற சர்ட்டிபிகேட்டோட ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பு. திரும்பி வரும்போது உடம்பு தேறிடுச்சுன்னு இன்னொரு சர்ட்டிபிகேட் வேணும், அதை அப்புறம் பார்க்கலாம்."

"முதல் நாளுக்கு மட்டும் ஒரு சி.எல். போட்டு..."

"சி.எல்.லைத்தான் நக்கித் தீர்த்துட்டியே. இருந்தாலும் அதை சிக் லீவோட ஒட்டவைக்க நம்ம ஆபீஸ்ல விடமாட்டாங்க. ஷிஃப்டை முடி, கையெழுத்துப் போடு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. நடுவுல ஒரு நாளும் தொங்கக் கூடாது."

சேர வேண்டிய நாள் வந்துச்சு. காலை ஷிஃப்ட் மதியம் முடியும், சாயங்காலத்துக்குள்ள அட்மிஷன். மதியம் ஆச்சு, மாத்தி விடுற ஆளு வரலை. ஆளு வந்து கையெழுத்துப் போடாம ஆபரேட்டர் பம்பை விட்டு நகரக்கூடாது. வால்வு எனக்குப் போன் பண்ணான்.

"அக்கா, ஆளு வரலை."

விசாரிச்சா, எஞ்சினியர் அந்த ஆளைத் தொட்டி வேலைக்கு அனுப்பிட்டாராம். வால்வையே அடுத்த ஷிஃப்டும் பார்க்கச் சொல்லு, வேற வழியில்லைன்னுட்டாராம். ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு ஏற்கனவே படுத்தாச்சு. அவளைத் தயார் பண்ண ஆரம்பிச்சிருப்பாங்க.

கதவைத் தட்டக்கூட இல்லை, உள்ளே போயிட்டேன்.

"சார், இ.எல். தரலை, அது உங்க அதிகாரம், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா ஷிஃப்ட் முடிஞ்சவன் வீட்டுக்குப் போறது லீவு இல்லை சார். அவன் உங்ககிட்ட எதையும் கேட்கலை. ஆளை அனுப்புங்க."

"அவன் எங்கே போறான்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா?"

"தெரிஞ்சா இன்னும் நல்லது சார்!"

என் குரல் வெளியே ஹால் வரைக்கும் கேட்டிருக்கும். டைப் அடிக்கிற சத்தமெல்லாம் நின்னுபோச்சு. அவர் போனை எடுத்துத் தொட்டி மேஸ்திரிகிட்ட, ஆபரேட்டரை உடனே பம்பு ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொன்னார். போனை வச்சுட்டு, "சட்டப்படி போகட்டும். வர்ற காகிதத்தையும் நான் சட்டப்படியே பார்ப்பேன்"னார். சாயங்காலம் கேட் மூடுறதுக்குள்ள அவன் ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டான்னு கேட்டப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

ஆபரேஷன் நடந்துச்சு. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. வால்வு கோணக் கையெழுத்துல எழுதின மனு, சர்ஜன் சர்ட்டிபிகேட்டோட என் மேஜைக்கு வந்துச்சு. நான் சொன்ன மாதிரியே எழுதியிருந்தான், ஒரு எழுத்து கூடலை குறையலை. தூக்கிக்கிட்டு எஞ்சினியர்கிட்ட ஓடினேன்.

அவர் படிச்சார். அப்புறம் இழுப்பறையிலேருந்து பழைய ஃபைலை எடுத்து ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வச்சார். இ.எல். மனுவோட இந்தப் புத்திசாலி பின் அடிச்ச காகிதம். தானம் செய்யத் தகுதியானவர்னு ஆஸ்பத்திரி குடுத்தது. 'பரிசோதித்ததில் இவர் முழு ஆரோக்கியத்துடன் உள்ளார்.'

"அதே ஆஸ்பத்திரி. போன வாரம் முழு ஆரோக்கியம். நான் இ.எல். தரலை. இந்த வாரம் வேலைக்கே லாயக்கில்லை. இதை ஆடிட்ல யாராவது கேட்டா நான் என்ன சொல்றது மேடம்?"

"சார், உடம்பு நல்லா இருந்தாத்தானே சார் உறுப்பையே எடுப்பாங்க! எடுத்தப்புறம்தானே முடியாமப் போச்சு!"

"இருக்கலாம். ஆனா இது அவனா விரும்பிப் பண்ணிக்கிட்டது. நம்ம விதிப்புத்தகத்துல தானம் பண்றவனுக்குன்னு தனியா லீவு இல்லை. சந்தேகம் இருந்தா இன்னொரு டாக்டர் கருத்துக் கேட்க எனக்கு இடம் இருக்கு. வாரியத்து டாக்டர் போய்ப் பார்க்கட்டும். முடியாதுன்னு எழுதினா நான் சிக் லீவுல கையெழுத்துப் போடுறேன். நல்லாத்தான் இருக்கான்னு எழுதினா, அனுமதியில்லாம வராதது. மெமோதான்."

அவர் சொன்னதுல விதிப்படி ஓட்டை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமா இருந்துச்சு.

வாரியத்து டாக்டரம்மாகூட ஃபைலைத் தூக்கிக்கிட்டு நானும் போனேன். ஆஸ்பத்திரியில ஒரு சின்ன அறை, ஒத்தைக் கட்டில். எதிர் அறையில தங்கச்சி. தொத்து வரக்கூடாதுன்னு யாரையும் உள்ளே விடலை, நர்ஸுகள் மட்டும் போறதும் வர்றதுமா இருந்தாங்க. நடுவுல ஒரு குறுகின வராந்தா. வால்வு வெளுத்துப் போய்ப் படுத்திருந்தான். இடுப்புப் பக்கத்துலேருந்து ஒரு குழாய் தொங்கிக்கிட்டிருந்துச்சு. என்னைப் பார்த்ததும், "அவளுக்கு நல்லா சிறுநீர் போகுதாம் அக்கா"ன்னான். அவன் கண்ணு ரெண்டும் மின்னுச்சு.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேனாவைத் திறந்தாங்க.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

"வலி இருக்கா?"

"இல்லை டாக்டர்."

"எழுந்து நடக்க, மூச்சு விட ஏதாவது கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்லை."

டாக்டரம்மா ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு அவனைக் கட்டிலோட சேர்த்துக் கவிழ்த்துடலாம் போல இருந்துச்சு. வாழ்க்கை பூரா பேசாம இருந்துட்டு, பேசவே கூடாத இடத்துல வாயைத் திறக்கிறான்!

"டாக்டர், அவன் சும்மா..."

"நீங்க பேசாதீங்கம்மா. நான் அவரைத்தான் கேட்கிறேன்." அவனைப் பார்த்து, "எங்கே, உட்காருங்க பார்ப்போம்"னாங்க.

முழங்கையை ஊன்றி எழுந்தான். பாதி எழுந்ததுமே முகத்துல இருந்த கொஞ்ச ரத்தமும் போயிடுச்சு. நெத்தியில வேர்வை பொடிச்சு வழிஞ்சுது. உதட்டைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்தே உட்கார்ந்துட்டான். "உட்கார்ந்துட்டேன் டாக்டர்"னு வேற சொன்னான். குரல் மட்டும் தெளிவா, சத்தமா இருந்துச்சு. இவ்வளவு சத்தமா அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

டாக்டரம்மா பேனாவை மூடினாங்க. அவனோட தோளைப் பிடிச்சு மெல்லப் படுக்க வச்சாங்க. "உங்க வேலையே இதுல தொங்கிக்கிட்டிருக்கு. தெரியுமா?"

தெரியும்னு தலையாட்டினான்.

"அப்புறம் ஏன் பொய் சொல்றீங்க?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். கதவு திறந்திருந்துச்சு. எதிர் அறைக் கதவும் கொஞ்சம் திறந்திருந்துச்சு. குரலைத் தாழ்த்திக்கிட்டான்.

"அவளுக்குக் காது கேட்கும் டாக்டர். காலையிலேருந்து எனக்கு வலிக்குதா வலிக்குதான்னு நர்ஸைத் துளைச்சு எடுக்கிறா. வலிக்குதுன்னு தெரிஞ்சா அழுவா. அழுதா அவளுக்குத் தையல் இழுக்கும்."

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தாங்க. நான் போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் இல்லை, விட்டா திறந்துக்குது.

"இப்ப சொல்லுங்க"ன்னாங்க.

"வலிக்குது டாக்டர்"னான் வால்வு. "இருமக்கூட முடியலை. மூச்சு இழுத்தா குத்துது. ராத்திரியெல்லாம் தாங்க முடியலை." சொல்லச் சொல்ல அவனுக்கு அழுகை வந்துச்சு. வாயைத் துண்டால பொத்திக்கிட்டு, உடம்பு குலுங்காமப் பார்த்துக்கிட்டு, சத்தமே இல்லாம அழுதான். டாக்டரம்மா முதல்ல எழுதினது எல்லாத்தையும் அடிச்சாங்க. 'பரிசோதித்தேன். இவரால் பணி செய்ய இயலாது. அறுவை மருத்துவர் குறிப்பிட்ட காலம் முழுவதும் ஓய்வு தேவை'ன்னு எழுத ஆரம்பிச்சாங்க. அவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவனும் அழுது முடிக்கிற வரைக்கும், நான் அந்தக் கதவை முதுகால சாத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.